சென்ற மாத எண்ணை வெல்லாத கணிப்பு

ஒரு ஷாம்பூவின் மூன்று ஆண்டு விற்பனை, மாதத்துக்கு ஓர் எண்ணாக மொத்தம் 36 எண்கள். ஸ்பைரோஸ் மக்ரிடாகிஸ், ஸ்டீவன் வீல்ரைட், ராப் ஹைண்ட்மன் ஆகியோரின் முன்கணிப்புப் பாடநூலோடு பரவிய இந்தச் சிறு தரவை, விற்பனைக் கணிப்பு கற்பவர்கள் இன்றும் பயிற்சிக்கு எடுத்துக்கொள்கிறார்கள். முதல் ஆண்டில் விற்பனை 119-க்கும் 337-க்கும் இடையே ஏறி இறங்குகிறது. மூன்றாம் ஆண்டின் கடைசி மாதத்தில் 646.9 அலகைத் தொடுகிறது. பொருள் நன்றாக விற்கிறது, ஆனால் நேர்கோட்டில் அல்ல: ஒரு மாதம் பாய்ந்தால் அடுத்த மாதம் பின்வாங்குகிறது.

இந்த ஷாம்பூவின் மூன்றாம் ஆண்டு விற்பனையை யாரோ ஒருவர் மாதாமாதம் கணித்ததாகவும், அவருடைய கணிப்பு சராசரியாக 115 அலகு தவறியதாகவும் வைத்துக்கொள்வோம். இது நல்ல கணிப்பா, மோசமான கணிப்பா? அந்த ஆண்டின் சராசரி மாத விற்பனை சுமார் 479. எனவே பிழை ஏறத்தாழ கால் பங்கு. சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். இவ்வளவு ஆடும் பொருளுக்கு இது பரவாயில்லை என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டு பதிலுக்கும் ஆதாரம் கிடையாது. 115 என்ற எண் மட்டும் தனியாக நின்றால் அதிலிருந்து எந்தத் தீர்ப்பும் எழாது. எந்த முயற்சியும் செய்யாத ஒருவர் இதே மாதங்களைக் கணித்திருந்தால் எவ்வளவு தவறியிருப்பார் என்பது முதலில் தெரிய வேண்டும்.

அந்த முயற்சியற்ற கணிப்புக்கு ஒரே ஒரு விதிதான்: சென்ற மாதம் எவ்வளவு விற்றதோ அதுவே இந்த மாதமும் விற்கும். துறைக்குள் இதை ‘நைவ் ஃபோர்காஸ்ட்’ என்கிறார்கள். இங்கே எளிய கணிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். இதற்குச் சந்தை அறிவு வேண்டாம், மென்பொருள் வேண்டாம், விளம்பரத் திட்டமோ விலை மாற்றமோ தெரிந்திருக்க வேண்டாம். செலவே இல்லாமல் கிடைப்பதால்தான் அது அடிப்படை அளவாகிறது. சம்பளமும் நேரமும் கொடுத்து வாங்கும் எந்தக் கணிப்பும் இதைவிடக் குறைவாகத் தவறினால்தான் அந்தச் செலவுக்குப் பொருள் உண்டு.

ஷாம்பூவில் இதைச் செய்து பார்க்கலாம். இரண்டாம் ஆண்டின் கடைசி மாத விற்பனை 342.3. ஆகவே மூன்றாம் ஆண்டின் முதல் மாதத்துக்கு எளிய கணிப்பு 342.3. உண்மையில் விற்றது 339.7. பிழை 2.6 மட்டுமே. இரண்டாம் மாதத்துக்கான கணிப்பு 339.7, விற்றது 440.4, பிழை 100.7. மூன்றாம் மாதத்துக்கான கணிப்பு 440.4, விற்றதோ 315.9. இந்த முறை கணிப்பு 124.5 அலகு கூடுதலாகப் போய்விட்டது. இப்படி 12 மாதங்களுக்கும் பிழையைக் கண்டு, கூடுதலா குறைவா என்ற குறியை நீக்கிவிட்டு அளவை மட்டும் கூட்டினால் 1384 வருகிறது. 12-ஆல் வகுத்தால் 115.3.

குறியை நீக்கி எடுக்கும் இந்தச் சராசரிதான் எம்.ஏ.இ. எனப்படும் சராசரி மட்டுப்பிழை. குறியை ஏன் நீக்க வேண்டும் என்பதை இதே எண்கள் காட்டுகின்றன. குறியோடு கூட்டினால் கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று தின்றுவிட்டு, மாதச் சராசரி வெறும் 25.4 ஆகிவிடும். மாதத்துக்குச் சராசரியாக நூறுக்கு மேல் தவறிக்கொண்டிருந்த கணிப்பு, ஆண்டு முடிவில் துல்லியமானதுபோலத் தோற்றம் தரும். எம்.ஏ.இ.-யின் இன்னொரு வசதி, அது விற்பனையின் அதே அலகில் இருப்பது. கிடங்குப் பொறுப்பாளரிடம் ‘மாதத்துக்கு 115 அலகு முன்பின் ஆகும்’ என்று சொன்னால் அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

ஆக, மேலே கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. 115 அலகு தவறிய அந்தக் கணிப்பாளர் சென்ற மாத எண்ணைப் பார்த்து எழுதியவரைவிட ஓர் அங்குலமும் முன்னே போகவில்லை.

விரிதாளில் இதற்கு ஒரு வரி போதும். B பத்தியில் தலைப்புக்குக் கீழே, B2 முதல் B37 வரை 36 மாத விற்பனை இருந்தால், மூன்றாம் ஆண்டுக்கான எளிய கணிப்பின் எம்.ஏ.இ. இது:

```
=SUMPRODUCT(ABS(B26:B37-B25:B36))/12
```

எண்ணைப் பெற்றதோடு நின்றுவிடாமல் பிழைகளை வரிசையாகப் படிப்பது நல்லது. ஷாம்பூவின் எளிய கணிப்புப் பிழைகளில் குறி பெரும்பாலும் மாறிமாறி வருகிறது: ஒரு மாதம் கணிப்பு குறைவு, அடுத்த மாதம் கூடுதல், மறுபடியும் குறைவு. விற்பனை ஒரு மாதம் துள்ளி மறுமாதம் திரும்புவதால், எளிய கணிப்பு அந்தத் துள்ளலை அப்படியே அடுத்த மாதத்துக்குத் தூக்கிச் செல்கிறது. எட்டாம் மாதம் 407.6, ஒன்பதாம் மாதம் 682.0, பத்தாம் மாதம் 475.3. ஒன்பதில் எளிய கணிப்பு 274.4 குறைவாகச் சொல்கிறது, பத்தில் 206.7 கூடுதலாகச் சொல்கிறது. ஒரே துள்ளலுக்கு இரண்டு முறை அபராதம்.

அப்படியானால் துள்ளலைத் தணிக்கும் ஒரு முறை இதைவிட நன்றாகச் செய்ய வேண்டும். கடைசி மூன்று மாதங்களின் சராசரியைக் கணிப்பாக எடுத்தால் அதே 12 மாதங்களில் எம்.ஏ.இ. 78.6. இதை 115.3-ஆல் வகுத்தால் 0.68. அதாவது எளிய கணிப்பு 100 அலகு தவறும் இடத்தில் இந்தச் சராசரி 68 அலகுதான் தவறுகிறது. விகிதம் 1-க்குக் கீழே இருந்தால் முறைக்கு மதிப்பு உண்டு, 1-ஐத் தாண்டினால் முறையைக் கைவிட்டுச் சென்ற மாத எண்ணையே பயன்படுத்தலாம். இந்த ஒரு விகிதத்தைக் கேட்கும் பழக்கம் வந்தாலே கணிப்புக் கூட்டங்களில் பாதி வாதம் அடங்கிவிடும்.

ஆனாலும் 32 விழுக்காடு முன்னேற்றம் என்று முரசறைவதற்கு முன் மாதங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மூன்று மாதச் சராசரி வென்றது 12-இல் 7 மாதங்களில் மட்டுமே. 5 மாதங்களில் எளிய கணிப்பே நெருக்கமாக இருந்தது. மொத்த ஆதாயமான சுமார் 440 அலகில் பாதிக்கு மேல், 231 அலகு, எட்டாம் மாதமும் பத்தாம் மாதமும் தந்தது. அந்த இரண்டு மாதங்களிலும் நடந்தது ஒன்றே: முந்தைய மாதத் துள்ளலை நம்பி எளிய கணிப்பு ஏமாந்தது. ஆகவே வெற்றிக்குக் காரணம் தெளிவு, ஆனால் அந்த வெற்றியின் அளவை 12 மாதங்களை வைத்து உறுதியாகச் சொல்லிவிட முடியாது. அடுத்த ஆண்டு துள்ளல்கள் குறைந்தால் ஆதாயமும் சுருங்கும்.

இதுவரை அடிப்படை அளவு என்றால் சென்ற மாத எண் என்று எடுத்துக்கொண்டோம். நடைமுறையில் பல நிறுவனங்கள் ‘சென்ற ஆண்டின் இதே மாதம்’ என்பதோடு ஒப்பிடுகின்றன. பருவத்துக்கேற்ப விற்கும் பொருளுக்கு அது சரியான அடிப்படை. ஷாம்பூவுக்கு அதைப் போட்டுப் பார்த்தால் மூன்றாம் ஆண்டின் எம்.ஏ.இ. 215.8. ஏறக்குறைய இரண்டு மடங்கு மோசம். காரணம், இந்தத் தரவில் பருவத்தைவிட ஏறுமுகமே வலுவானது. ஓராண்டுக்கு முந்தைய எண் எல்லா மாதத்திலும் காலாவதியானது. 12 மாதங்களிலும் அது குறைவாகவே சொன்னது.

இங்கேதான் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. இரண்டாம் ஆண்டு முடிவில் ஒருவர் 342.3 என்ற கடைசி எண்ணை மட்டும் எடுத்து, மூன்றாம் ஆண்டின் 12 கட்டங்களிலும் அதையே எழுதிவைத்து, பிறகு திரும்பிப் பார்க்கவே இல்லை என்று கொள்வோம். அவருடைய எம்.ஏ.இ. 141.1. இதைச் சென்ற ஆண்டின் இதே மாதத்தோடு ஒப்பிட்டு அவர் அறிக்கை எழுதினால், ‘எங்கள் கணிப்பு அடிப்படையைவிட 35 விழுக்காடு துல்லியம்’ என்று எழுதலாம். கணக்கில் பொய் இல்லை. ஒரே எண்ணைப் பன்னிரண்டு முறை எழுதியதுதான் அந்தத் துல்லியம். பலவீனமான அடிப்படையைத் தேர்ந்தெடுத்தால் எந்தக் கணிப்பையும் சாதனையாக்கிவிடலாம் என்பதால், சில எளிய கணிப்புகளைச் சேர்த்துப் பார்த்து, அவற்றில் எது மிகக் குறைவாகத் தவறுகிறதோ அதையே எதிராளியாக நிறுத்துவது நேர்மை.

அந்த 141.1-க்கும் முன்பு பார்த்த 115.3-க்கும் உள்ள இடைவெளி இன்னொன்றைக் கற்பிக்கிறது. இரண்டும் ஒரே விதி, ஒரே பொருள், ஒரே 12 மாதங்கள். வேறுபாடு, எவ்வளவு தொலைவு முன்னே பார்த்துச் சொன்னது என்பதில்தான். முதலாவது ஒவ்வொரு மாதமும் புதிய விற்பனை எண் கைக்கு வந்தபின் ஒரு மாதம் முன்னே பார்த்தது. மற்றது ஓராண்டுக்கும் சேர்த்து ஒரே நாளில் சொல்லப்பட்டது. மூலப்பொருள் வாங்க ஆறு மாதம் முன்கூட்டியே ஆணை தர வேண்டிய ஆலைக்கு ஒரு மாதம் முன்னே பார்க்கும் எளிய கணிப்பு சரியான எதிராளி அல்ல. ஆறு மாதத்துக்கு முன் கையில் இருந்த எண்ணை வைத்தே எளிய கணிப்பையும் போட வேண்டும். இரு தரப்புக்கும் ஒரே தேதி வரையிலான தகவல், ஒரே மாதங்கள் என்ற இந்த ஒழுங்கு தவறினால் விகிதம் பயனற்றது.

பருவம் வலுவாக இருக்கும் தரவில் படம் தலைகீழாகிறது. பாக்ஸ், ஜென்கின்ஸ் இருவரின் நூலால் பெயர்பெற்ற சர்வதேச விமானப் பயணிகள் தரவு 1949 முதல் 1960 வரை 144 மாதங்களைக் கொண்டது. 1959 டிசம்பரில் பயணிகள் 4,05,000. அந்த எண்ணையே 1960 முழுவதற்கும் நீட்டினால் எம்.ஏ.இ. 76,000. கோடைக் கூட்டத்தை அது பார்க்கவே இல்லை. 1960 ஜூலையில் பயணிகள் 6,22,000. மாறாக 1959-இன் அதே மாத எண்ணை எடுத்தால் பிழை சுமார் 47,800 ஆகக் குறைகிறது. ஆனால் இந்தக் கணிப்பும் 12 மாதங்களிலும் குறைவாகவே சொல்கிறது, பயணம் ஆண்டுதோறும் வளர்ந்துகொண்டிருந்ததால். 1958-இலிருந்து 1959-க்கு மொத்தப் பயணிகள் 12.4 விழுக்காடு கூடியிருந்தனர். அதே வளர்ச்சியைச் சென்ற ஆண்டின் ஒவ்வொரு மாதத்தின் மேலும் ஏற்றிவிட்டால், எம்.ஏ.இ. சுமார் 13,400-க்கு இறங்கிவிடுகிறது. தாளும் பென்சிலும் போதும் என்ற அளவிலான வேலை இது. விமானத் தரவில் தன் சிக்கலான மாதிரி 20,000 தவறியது என்று ஒருவர் பெருமையோடு வந்தால், சென்ற மாத எண்ணோடு ஒப்பிட்டு அவரைப் பாராட்டுவது தவறாகிவிடும்.

அடிப்படையை வெல்வது எவ்வளவு கடினம் என்பதை 2020-இல் நடந்த எம்5 போட்டி பெரிய அளவில் காட்டியது. மக்ரிடாகிஸ் 1980-களிலிருந்து நடத்திவரும் கணிப்புப் போட்டிகளின் வரிசையில் அது ஐந்தாவது. வால்மார்ட் நிறுவனம் கலிபோர்னியா, டெக்சாஸ், விஸ்கான்சின் மாநிலங்களில் உள்ள 10 கடைகளின் 3,049 பொருள்களுக்கு அன்றாட விற்பனையைக் கொடுத்தது. அடுத்த 28 நாள்களைக் கணிக்க வேண்டும். உலகெங்கிலுமிருந்து 5,500-க்கும் மேற்பட்ட அணிகள், பெரும்பாலும் இயந்திரக் கற்றல் முறைகளோடு, களமிறங்கின. முடிவில் எளிய கணிப்பை வென்றவை பாதிக்கும் சற்றுக் குறைவு: 48.4 விழுக்காடு. வாரத்தின் அதே நாளைத் திரும்ப எழுதும் பருவ எளிய கணிப்பை வென்றவை 35.8 விழுக்காடு. அமைப்பாளர்கள் வைத்த எல்லா அடிப்படை முறைகளையும் தாண்டியவை வெறும் 7.5 விழுக்காடு. முதலிடம் பெற்ற தென் கொரிய மாணவரின் முறை, அடிப்படைகளில் சிறந்ததைவிட 20 விழுக்காட்டுக்கும் மேல் துல்லியமாக இருந்தது. ஆகவே நல்ல முறைகள் உண்மையிலேயே உதவுகின்றன; ஆனால் நல்ல முறை எது என்பதை முறையின் பெயரோ சிக்கலோ சொல்வதில்லை, அடிப்படையோடு வைத்த ஒப்பீடுதான் சொல்கிறது.

பெரும்பாலான நிறுவனங்களில் கணிப்பு கணினியோடு முடிவதும் இல்லை. மென்பொருள் தந்த எண்ணை விற்பனை மேலாளர் திருத்துகிறார், பிறகு நிதிப் பிரிவு திருத்துகிறது. ராபர்ட் ஃபில்ட்ஸ், பால் குட்வின் உள்ளிட்டோர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு நான்கு நிறுவனங்களின் 60,000-க்கும் மேற்பட்ட கணிப்புகளை இப்படி அலசியது. பெரிய திருத்தங்கள், குறிப்பாக எண்ணைக் குறைத்தவை, பெரும்பாலும் பலன் தந்தன. சின்னச் சின்னத் திருத்தங்கள் துல்லியத்தைக் கெடுக்கவே செய்தன. எண்ணை உயர்த்திய திருத்தங்களில் நம்பிக்கை மிகுந்து ஓடியது. இதைக் கண்டுபிடிக்க உயர் கணிதம் தேவைப்படவில்லை. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் முன்னும் பின்னும் இருந்த எண்களைச் சேமித்துவைத்து, இரண்டின் பிழையையும் ஒப்பிட்டாலே போதும். வருத்தத்துக்குரிய செய்தி, பல இடங்களில் திருத்திய எண் பழைய எண்ணின் மேலேயே எழுதப்படுவதால் ஒப்பிடுவதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

எம்.ஏ.இ.-க்கு இரண்டு குருட்டுப் புள்ளிகள் உண்டு, இரண்டையும் தெரிந்துகொண்டே பயன்படுத்த வேண்டும். முதலாவது திசை. ஷாம்பூவில் நன்றாகச் செய்த மூன்று மாதச் சராசரி, குறியோடு கூட்டினால், மாதத்துக்கு 44.5 அலகு குறைவாகச் சொல்லியிருந்தது. ஏறும் விற்பனையின் பின்னால் எந்தச் சராசரியும் தாமதமாகவே நடக்கும். எம்.ஏ.இ. 78.6 என்று மட்டும் பார்த்தவருக்கு இது தெரியாது. கடைகளில் சரக்கு தீர்ந்தபோதுதான் தெரியவரும். அதனால் குறி நீக்கிய சராசரியோடு, குறியோடு எடுத்த சராசரியையும் பக்கத்தில் எழுதிவைப்பது வழக்கமாக வேண்டும்.

இரண்டாவது இன்னும் ஆபத்தானது, அது எப்போதாவது விற்கும் பொருள்களில் தலைகாட்டுகிறது. ஓர் உதிரிபாகம் பத்து நாள்களில் எட்டு நாள் விற்கவே இல்லை. ஒரு நாள் 5, ஒரு நாள் 3 விற்றது என்று எடுத்துக்கொள்வோம். சராசரி ஒரு நாளைக்கு 0.8. தினமும் 0.8 என்று கணித்தவரின் எம்.ஏ.இ. 1.28. தினமும் பூச்சியம் என்று கணித்தவரின் எம்.ஏ.இ. 0.8. இந்த அளவுகோலின்படி பூச்சியமே சிறந்த கணிப்பு, ஆனால் அதை நம்பினால் அந்த உதிரிபாகத்தை யாரும் ஒருபோதும் வாங்கிவைக்க மாட்டார்கள். எம்.ஏ.இ. எண்களின் நடுவில் இருக்கும் இடைநிலை அளவை நோக்கியே கணிப்பை இழுக்கும். பாதி நாள்களுக்கு மேல் விற்பனை இல்லையென்றால் இடைநிலை அளவு பூச்சியம்தான். அந்த வகைப் பொருள்களுக்கு, பெரிய பிழைகளைக் கடுமையாகத் தண்டிக்கும் வர்க்கப் பிழை பொருத்தமானது, ஏனெனில் அது சராசரியை நோக்கி இழுக்கிறது. வால்மார்ட்டின் பல பொருள்கள் பெரும்பாலான நாள்களில் விற்கவே இல்லை என்பதால், எம்5 போட்டியின் அமைப்பாளர்கள் மட்டுப்பிழையை ஒதுக்கிவிட்டு வர்க்கப் பிழையைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பிழையையும் ஒவ்வொரு பொருளின் எளிய கணிப்புப் பிழையால் வகுத்தே மதிப்பெண் போட்டார்கள்.